மாற்றி எழுதியும் காப்பி என்கிறார்களா? பத்தியைப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் அதிகம் கேட்கும் புலம்பல் இது: “எல்லாத்தையும் மாத்திட்டேங்க, அப்புறமும் காப்பி மாதிரி இருக்குன்னு சொல்றாங்க.” சொல்பவர் பொய் சொல்வதில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றியிருப்பார். மாறாமல் நிற்பது எது என்று மட்டும் பார்த்திருக்கமாட்டார்.

செய்யுளுக்கு உரை படித்தவர்களுக்குப் பதவுரை வேறு, பொழிப்புரை வேறு என்று தெரியும். பதவுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் பொருள் வரிசையாக வரும். பொழிப்புரையில் பாட்டு சொல்லவந்ததைத் திரட்டி உரைக்காரர் தன் வாக்கியங்களில் சொல்லுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருளுள்ள இணைச்சொல்லை மாற்றிப்போடுகிறவர் பதவுரை எழுதிவிட்டுப் பொழிப்புரை எழுதியதாக நினைத்துக்கொள்கிறார். ஒட்டுப்போட்டு எழுதுவது இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இன்னொரு ரகம். 1993-ல் ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார். மூலத்தை எடுத்துக்கொண்டு, சில சொற்களை நீக்கி, இலக்கண அமைப்பைக் கொஞ்சம் திருப்பி, ஆங்காங்கே வேறு சொல் செருகுவதுதான் அது. இது எப்போதும் திருட்டுப் புத்தியால் வருவதல்ல, புரியாத பாடத்தோடு மல்லுக்கட்டும் மாணவர் கடந்துபோகும் ஒரு கட்டம் என்பது அவர் வாதம். நான் பார்த்தவரை அது சரிதான். ஆனால் மதிப்பிடுகிற பல இடங்களில் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, பத்தியைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே நாமும் பத்தியையே பார்ப்போம்.

சோதனைக்கு ஒரு மூலப்பத்தி வேண்டும். இதற்காக நானே எழுதிய ஒன்று இது. ஏதோ ஒரு புத்தகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

> காய்ச்சலின்போது உடலின் வெப்பநிலை தற்செயலாக உயர்வதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, உடல் எந்த வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்ற இலக்கை வழக்கத்தைவிட மேலே உயர்த்துகிறது. அந்தப் புதிய இலக்கை உடல் எட்டும்வரை, தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இதனால்தான் உடல் சூடாக இருக்கும்போதே நோயாளிக்குக் குளிர்கிறது. இலக்கு மீண்டும் கீழே இறங்கியதும் வியர்வை பெருகி உடல் குளிர்ச்சியடைகிறது. மிதமான காய்ச்சல், சில நோய்த்தொற்றுகளை எதிர்க்க உடலுக்கு உதவக்கூடும்.

அறிகுறி 1: பெரும்பாலான சொற்கள் மாறிவிட்டன, ஆனாலும் மூலம் எட்டிப்பார்க்கிறது

ஒருவர் இப்படி எழுதுகிறார்:

> சுரத்தின்போது தேகத்தின் வெப்பம் எதேச்சையாக ஏறுவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பாகம், தேகம் எந்த வெப்பத்தில் இருத்தல் வேண்டும் என்ற குறிக்கோளை இயல்பைவிட உயரே ஏற்றுகிறது.

முதல் வாக்கியத்தை மூலத்துக்கு நேர் கீழே எழுதிப் பாருங்கள். மூலத்தில் ஐந்து சொற்கள், இதிலும் ஐந்து. ஐந்தும் அவரவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. காய்ச்சல் எழுந்துபோய் சுரம் வந்திருக்கிறது, உடல் போய் தேகம் வந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. சொற்களின் முன்பாதியை விரலால் மறைத்துவிட்டு, பின்னால் ஒட்டியிருக்கும் உருபுகளையும் விகுதிகளையும் மட்டும் படியுங்கள். மூலம்: -இன்போது, -இன், -ஆக, -வதில்லை. நகல்: -இன்போது, -இன், -ஆக, -வதில்லை. அடுத்த வாக்கியத்திலும் ‘எந்த… என்ற …-ஐ …-ஐவிட …-கிறது’ என்ற எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. சதை மட்டும் மாறியிருக்கிறது. இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எலும்புக்கூடு ஒத்துப்போனால் அது இணைச்சொல் மாற்றம்தான், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

நம் மொழியில் இந்தத் தவறு இவ்வளவு இலகுவாக நடக்க ஒரு காரணம், ஒரே பொருளுக்கு வடசொல் ஒன்றும் தமிழ்ச்சொல் ஒன்றும் கையிருப்பில் இருப்பது. ஆரம்பம் என்றிருந்தால் தொடக்கம், அவசியம் என்றிருந்தால் தேவை என்று மாற்றிக்கொண்டே போகலாம். பக்கம் புதிதாகத் தெரியும், தனித்தமிழில் எழுதிவிட்ட திருப்திகூட வரும். நிகண்டு வைத்துச் செய்யும் வேலைக்குப் புரிந்துகொள்ளல் தேவையே இல்லை. ஹைப்போதலாமஸ் என்றால் என்ன என்றே தெரியாத ஒருவரும் மேலே உள்ள நகலை எழுதிவிடலாம்.

அறிகுறி 2: படிக்கும்போது எங்கோ இடறுகிறது

அதே நகலில் ‘வெப்பநிலை’ ‘வெப்பம்’ ஆகியிருக்கிறது. பேச்சுவழக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. அறிவியல் பாடத்தில் இவை இரண்டு வேறு விஷயங்கள். வெப்பம் என்பது ஆற்றல், வெப்பநிலை என்பது டிகிரியில் அளப்பது. மூலத்தில் இரண்டு சொற்களும் வருகின்றன, தசைகள் உண்டாக்குவது வெப்பம், அதனால் உயர்வது வெப்பநிலை. இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டால் காரணமும் விளைவும் கலந்துபோகின்றன. நிறையை எடை ஆக்குவதும், திசைவேகத்தை வேகம் ஆக்குவதும் இதே விபத்துதான்.

ஆங்கிலத்தில் இது பெரிய அளவில் அம்பலமானது. 2021-ல் கியோம் கபானாக், சிரில் லாபே, அலெக்ஸாண்டர் மகாசினோவ் ஆகிய மூவர், ஆய்விதழ்களில் அச்சான கட்டுரைகளிலிருந்து இப்படிச் சிதைந்த கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார்கள். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘பூசம் பெரில்’ என்று இருந்தது, அதாவது ‘மார்பு ஆபத்து’. ‘பிக் டேட்டா’ ‘கொலாசல் இன்ஃபர்மேஷன்’ ஆகியிருந்தது. இவற்றுக்கு ‘சித்திரவதைக்குள்ளான தொடர்கள்’ என்ற பொருளில் அவர்கள் பெயர் வைத்தார்கள். துறைக்காரர் எவரும் அப்படி எழுதமாட்டார் என்பதால், ஒரே ஒரு தொடரைப் பார்த்தாலே அந்தக் கட்டுரை முழுவதன் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

திருத்தம் எளிது. மாற்றிய கலைச்சொற்களை மூலத்தில் இருந்தபடியே திருப்பிப் போடுங்கள். ஒரு துறையில் எல்லோரும் பயன்படுத்தும் பெயர்ச்சொல் யாருக்கும் சொந்தமல்ல, அதை மாற்றினால்தான் தப்பு. ஆனால் ஒரு ஆசிரியர் தானே உருவாக்கிய தனித்தொடர் அந்த வகையில் சேராது. அது வேண்டுமென்றால் மேற்கோள்குறிக்குள்தான் வரவேண்டும். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், அதே துறையில் வேறு இரண்டு மூன்று நூல்களைப் புரட்டுங்கள். அங்கேயும் அதே சொல் இருந்தால் அது பொதுச்சொல்.

அறிகுறி 3: நிறைய மாற்றியிருக்கிறேன், ஆனால் என்ன சொல்கிறேன் என்று தெரியவில்லை

இதுதான் கடினமான வகை. எழுதியவருக்கே பிடிபடாது.

> உடல் சூடாக இருக்கும்போதே நோயாளிக்குக் குளிர்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலின்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியால், உடலின் வெப்பநிலை இலக்கு வழக்கத்தைவிட மேலே உயர்த்தப்படுகிறது. புதிய இலக்கை எட்டும்வரை தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதோடு, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இலக்கு இறங்கியதும் வியர்வை பெருகுகிறது.

இங்கே எலும்புக்கூடு சோதனை பாதிதான் வேலை செய்யும். நான்காவது வாக்கியம் முதலுக்கு வந்திருக்கிறது. ‘உயர்த்துகிறது’ என்பது ‘உயர்த்தப்படுகிறது’ ஆகியிருக்கிறது. அரைப்புள்ளி போட்டுப் பிரிந்திருந்தவை ‘-வதோடு’ என்று ஒட்டப்பட்டிருக்கின்றன. சில சொற்கள் உதிர்ந்திருக்கின்றன. பார்வைக்கு உழைப்பு தெரிகிறது.

இப்போது ஒரு பென்சிலை எடுத்து, மூலத்தில் உள்ளபடியே தொடர்ந்து வரும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். ‘உடல் சூடாக இருக்கும்போதே நோயாளிக்கு’ என நான்கு சொற்கள். ‘தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள்’, மறுபடி நான்கு. ‘தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன’, இன்னொரு நான்கு. இவற்றுக்கு நடுவே ‘வழக்கத்தைவிட மேலே’ போன்ற துணுக்குகள். கோடு போடாத இடங்களில் மிஞ்சுவது என்ன? ‘காரணம் உண்டு’, ‘-ஆல்’, ‘-ப்படுகிறது’, ‘-வதோடு’. எழுதியவரின் பங்களிப்பு தையல் நூல் மட்டும்தான், துணியெல்லாம் மூலத்துடையது.

தமிழில் சொல்வரிசை நெகிழ்வானது என்பதும் இங்கே கண்ணைக் கட்டும். செயப்படுபொருளை முன்னால் தூக்கிப்போட்டாலும் வாக்கியம் உடையாது. அந்த இடமாற்றத்தை மறுவாக்கம் என்று எண்ணிவிடுகிறோம். செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்குவதும் அப்படித்தான், கூடவே வாக்கியத்தை நொண்டவும் வைக்கும்.

அடிக்கோடு போட்ட பிறகும் சந்தேகமாக இருந்தால் ஒரு கேள்வி போதும்: அந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தை ஏன் முதலில் வைத்தீர்கள்? மேலே எழுதியவரிடம் இதைக் கேட்டால், “மூலத்துல நாலாவதா இருந்துச்சு, அதான் மாத்தினேன்” என்பதுதான் பதிலாக இருக்கும். அவர் கட்டுரைக்கு அது முதலில் தேவை என்ற காரணம் இருக்காது.

ஒட்டுப்போட்ட பத்தியைத் திருத்தாதீர்கள்

இன்னும் நாலு சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. மூலம் திறந்திருக்கும்வரை கண் அதன் மேலேயே விழும், கை அதையே எழுதும். பத்தியை மொத்தமாக அழித்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

மூலத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில்: காய்ச்சலில் உடம்பு சுடும்போது ஏன் குளிருகிறது? பிறகு புத்தகத்தை மூடுங்கள். உருபோ வினைமுற்றோ இல்லாத குறிப்பாக மட்டும் எழுதுங்கள்: இலக்கு உயர்வு – நடுக்கம், குழாய் சுருக்கம் – குளிர். இலக்கு இறக்கம் – வியர்வை. வினைமுற்று இல்லாததால், பின்னால் வாக்கியம் அமைக்கும்போது புதிதாகத்தான் அமைக்க முடியும்.

அடுத்து, அதை யாரிடமாவது பேச்சுத்தமிழில் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் சுவரிடம் சொன்னாலும் சரி. “மூளை உடம்ப இன்னும் சூடாகச் சொல்லுது. உடம்பு அந்த அளவுக்கு இன்னும் வந்து சேரல. அந்தக் குறைச்சல்தான் நமக்குக் குளிரா தெரியுது.” எழுத்துத்தமிழுக்கும் பேச்சுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பது இங்கே நமக்கு லாபம். ‘தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன’ என்ற தொடர் வாய்வழியாக வெளியே வரவே வராது. பேசும்போது திக்கினால், திக்கிய இடம் உங்களுக்குப் புரியாத இடம். திரும்பப் போய் அதை மட்டும் படித்துவிட்டு வாருங்கள்.

பேசியதை எழுத்துநடைக்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

> நோயாளி போர்வை கேட்பதும் அவர் நெற்றி சுடுவதும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். குளிரைத் தீர்மானிப்பது உடலின் வெப்பநிலை மட்டுமல்ல, ஹைப்போதலாமஸ் அந்த நேரத்தில் எவ்வளவு கேட்கிறது என்பதும்தான். காய்ச்சல் தொடங்கும்போது அது கேட்கும் அளவு கூடிவிடுவதால், இருக்கும் வெப்பநிலை போதாமல் போகிறது. நடுக்கமும், தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் அந்தப் பற்றாக்குறையின்போது நடப்பவை. கேட்கும் அளவு பழையபடி குறைந்ததும் அதே வெப்பநிலை மிகையாகிறது. உடல் வியர்த்து அதைக் குறைத்துக்கொள்கிறது (ஆசிரியர், ஆண்டு, பக்கம்).

ஹைப்போதலாமஸ், வெப்பநிலை, ரத்தக் குழாய் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அவை பொதுச்சொற்கள். காரணம் முன்னும் விளைவு பின்னுமாக வரும் வரிசையும் ஓரளவு ஒத்துப்போகிறது. நிகழ்வே அந்த வரிசையில் நடப்பதால் அதை வலிந்து குலைக்கவேண்டியதில்லை. வித்தியாசம் எங்கே என்றால், எல்லா வாக்கியங்களும் ‘பற்றாக்குறை’ என்ற ஒரு கருத்தில் கோத்திருக்கின்றன. அந்தச் சொல் மூலத்தில் இல்லை. மூலத்தில் தனித்தனியாக நின்ற நான்கு செய்திகளுக்கு நடுவே இருந்த உறவை எழுதியவர் கண்டுபிடித்திருக்கிறார். அடைப்புக்குறியை இப்போதும் விட்டுவிடக்கூடாது. சொற்கள் உங்களுடையவை, தகவல் இன்னும் அந்த ஆசிரியருடையதுதான்.

அறிகுறி 4: மூலம் ஆங்கிலம், எழுதியது தமிழ்

மொழியே மாறிவிட்டதே, இதில் என்ன காப்பி? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கட்டுரைக்காக ஆங்கில நூல் ஒன்றின் இரண்டு பக்கங்களை வரிவரியாகத் தமிழாக்கி, கீழே நூலின் பெயரையும் போட்டுவிட்டுக் கொடுத்தேன். படித்த மூத்த ஆசிரியர் ஒருவர், “இது மொழிபெயர்ப்புன்னு போடு, இல்லேன்னா நீ எழுது” என்று திருப்பிக் கொடுத்தார். அன்று கோபம் வந்தது. அவர் சொன்னது சரி.

ஒப்பிடும் மென்பொருள் இங்கே ஒன்றும் காட்டாமல் போகலாம். ஆகவே கையால்தான் சோதிக்கவேண்டும். மூலத்தின் வாக்கியங்களுக்கு எண் போடுங்கள், உங்கள் வாக்கியங்களுக்கும் எண் போடுங்கள். 1-க்கு 1, 2-க்கு 2 என்று ஜோடி சேர்ந்துகொண்டே போனால் அது மொழிபெயர்ப்பு. இன்னொரு தடயமும் உண்டு: ‘எது… அது’ என்று நீளும் வாக்கியங்கள், காரணமில்லாத செயப்பாட்டுவினைகள், ‘ஒரு’ என்ற சொல் தேவையில்லாத இடத்தில் எல்லாம் முளைத்திருப்பது. ஆங்கில வாக்கியத்தின் எலும்பு தமிழ்த் தோலுக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூடிவிட்டுப் பேசும் வைத்தியம் இதற்கும் பொருந்தும்.

அறிகுறி 5: பத்தி நன்றாக இருக்கிறது, மூலம்தான் அப்படிச் சொல்லவில்லை

மூலத்தை மூடிவிட்டு எழுதுவதன் பக்கவிளைவு இது. மேலே உள்ள சரியான பத்தியின் முதல் வரைவில், ‘தெர்மாமீட்டர் 102 டிகிரி காட்டும்போதே’ என்று எழுதியிருந்தேன். மூலத்தில் எந்த எண்ணும் இல்லை. என் நினைவிலிருந்து வந்த எண்ணை அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆசிரியர் தலையில் கட்டியிருந்தேன். ‘தோலின் வழியே சூடு வெளியேறாமல் தடுக்க’ என்றும் எழுதியிருந்தேன். அது உண்மைதான், ஆனால் இந்த மூலம் சொன்னதல்ல. அதைச் சொல்லவேண்டுமென்றால் அதற்கான மூலம் தனியாக வேண்டும்.

கடைசி வாக்கியத்தில் இன்னும் நுணுக்கமாக வழுக்கும். ‘மிதமான காய்ச்சல், சில நோய்த்தொற்றுகளை எதிர்க்க உடலுக்கு உதவக்கூடும்’ என்பதைச் சுருக்கி, ‘காய்ச்சல் நோய்த்தொற்றை எதிர்க்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். மிதமான, சில, -கூடும் என்ற மூன்று வேலிகளும் போய்விட்டன. இது நகலெடுத்த குற்றமல்ல. ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது அதைவிடச் சின்னத் தவறும் அல்ல. எழுதி முடித்த பிறகு மூலத்தைத் திறந்து, பெரும்பாலும், சில, ஓரளவு, -கூடும், -லாம் போன்றவற்றை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் உங்கள் பத்தியில் வேறு வடிவிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு ஒப்பீட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எவ்வளவு முயன்றும் வேலிகளைக் காப்பாற்றிக்கொண்டு சொந்த வாக்கியம் அமையவில்லையென்றால், மேற்கோள்குறி போட்டு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வரையறைகளுக்கும் சட்டப்பிரிவுகளுக்கும் பெரும்பாலும் அதுதான் நல்லது.

அறிகுறி 6: மென்பொருள் காட்டும் சதவீதமும் பத்தியும் ஒத்துப்போகவில்லை

சதவீதம் அதிகம், பத்தி சுத்தம் என்றால், எது ஒத்துப்போனது என்று திறந்து பாருங்கள். மேற்கோள்கள், நூற்பட்டியல், நீண்ட கலைச்சொல் தொடர்கள், எல்லா ஆய்வேட்டிலும் வரும் சடங்கு வாக்கியங்கள் இவையாகத்தான் இருக்கும், விட்டுவிடலாம். சதவீதம் குறைவு, ஆனால் அறிகுறி 1 இருக்கிறது என்றால் சதவீதத்தை நம்பாதீர்கள். சொற்கள் அப்படியே பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கருவிக்கு ‘உடலின்’ என்பதும் ‘உடலுக்கு’ என்பதும் இரண்டு வெவ்வேறு சொற்கள். உருபை மாற்றினாலே அதன் கண்ணிலிருந்து தப்பிவிடலாம், படிக்கிறவர் கண்ணிலிருந்து தப்ப முடியாது.